போட்டோ கேக்கில் ஒரு முகம்

(வேதியியல் துறை 1991–94 அணியைச் சேர்ந்த, வீட்டிலேயே கேக் தொழில் நடத்திவரும் முன்னாள் மாணவி, 2025 முன்னாள் மாணவர் நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குத் தெரிஞ்ச தொழிலைப் பத்தி அரை மணி நேரம் பேசு" என்று சங்கச் செயலாளர் சொன்னார். எனக்குத் தெரிந்தது கேக். அதிலும் ஒரே ஒரு சங்கதியைத்தான் இன்று எடுத்துக்கொள்ளப் போகிறேன். பல படங்களைச் சேர்த்து ஒரே படமாக்கி, அதைச் சாப்பிடக்கூடிய மையில் அச்சடித்து, கேக்கின் மேல் ஒட்டுகிறோமே, போட்டோ கேக், அதற்குப் படத்தை எப்படித் தயார் செய்வது என்பது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில். அந்தத் தோல்விக்கு எங்கள் அணியில் முப்பத்து நாலு பேரும் சாட்சி.

2019-ல் எங்கள் அணியின் வெள்ளி விழாச் சந்திப்பு. கேக் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கல்லூரி முகப்பு, 1994-ல் எடுத்த வகுப்பு குரூப் போட்டோ, அதோடு எங்கள் லேப் அண்ணன் படம், இந்த மூன்றையும் சேர்த்து அடிப்பது என்று முடிவு. லேப் அண்ணனை மூத்தவர்கள் அறிவார்கள். பிப்பெட்டை உடைத்துவிட்டு நாங்கள் அழும்போது, "விடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்வாரே, அவர்தான். குரூப் போட்டோவில் அவர் இல்லை. பெஞ்சுகளை வெயிலுக்குத் தூக்கி வந்து போட்டுவிட்டு, போட்டோகிராபர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒருவருக்கும் அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. அவர் மறைந்த பிறகுதான் அது எங்களை உறுத்தியது. அவருடைய மனைவியைச் சந்திப்புக்கு அழைத்து, அவர்களிடமிருந்த ஒரே பாஸ்போர்ட் சைஸ் கறுப்பு வெள்ளைப் படத்தை வாங்கிப் படத்தில் சேர்த்தேன்.

கம்ப்யூட்டர் திரையில் பார்த்தபோது அருமையாக இருந்தது. கேக்கைத் திறந்தபோது என் தோழி காதருகே வந்து, "என்னடி இது, கரி பூசின மாதிரி இருக்கு?" என்றாள். அந்த அம்மா கேக்கை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல அவரு எங்கம்மா இருக்காரு?" என்று கேட்டார்கள். நான் விரலால் காட்டினேன். காட்ட வேண்டியிருந்தது என்பதுதான் என் தோல்வி.

என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கேக்கில் ஒட்டுகிற ஐசிங் ஷீட் என்பது மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்து மெல்லியதாக இழுத்த தாள். அதில் அடிக்கிற மை, தண்ணீரில் கரைந்த உணவுச் சாயம். கார்ட்ரிட்ஜில் சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு இருக்கும். வெள்ளை மை கிடையாது. படத்தில் எங்கே வெள்ளை வேண்டுமோ, அங்கே தாள் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். கறுப்பும் நாம் நினைக்கிற கறுப்பு அல்ல. பெரும்பாலும் இரண்டு மூன்று சாயங்களைக் கலந்து உண்டாக்கியது. அதனால் அடர்த்தியாக அடித்தாலும் கரும்பழுப்பாகவோ ஊதா கலந்தோதான் நிற்கும்.

ஆக, மேலே வெள்ளையும் முழு வெள்ளை இல்லை, கீழே கறுப்பும் முழுக் கறுப்பு இல்லை. திரையில் உள்ள நீண்ட ஏணியில் மேல் படி ஒன்றும் கீழ்ப் படி மூன்றும் உடைந்துபோன மாதிரி. மிச்சமிருக்கிற நாலைந்து படியில்தான் முழுப் படமும் ஏறி இறங்க வேண்டும். போதாக்குறைக்கு, கிரீமில் உள்ள ஈரம் தாளில் ஏறும்போது சாயம் சற்றுக் கசியும். இருட்டான இரண்டு பகுதிகள் அருகருகே இருந்தால் நடுவிலுள்ள மெல்லிய வெளிச்சக் கோடு அடைபட்டுப் போகும். என் படத்தில் அண்ணனின் மாநிறத்துக்கும் மேலான கறுத்த முகம், அதற்குப் பின்னால் கல்லூரி வேப்பமரம், தலைமுடி, எல்லாம் அந்த உடைந்த கீழ்ப் படிகளில் இருந்தன. ஒன்றாகிவிட்டன.

2024-ல் முப்பதாம் ஆண்டுச் சந்திப்பு வந்தது. "இந்தத் தடவையும் நான்தான் செய்வேன்" என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை எப்படிச் செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, எதை விடுவது என்று முடிவு செய்வது. எட்டு அங்குல வட்டக் கேக். அதன் மேல் ஏழரை அங்குலம், அதாவது 19 சென்டிமீட்டர் படம்தான் ஒட்டலாம். A4 ஷீட்டின் அகலத்திலும் அதற்கு மேல் தாராளமாக அடங்காது. அதில் பாதி இடத்தில் முப்பத்து நாலு முகம் என்றால் ஒரு முகம் சுண்டுவிரல் நகத்தளவு. அந்த அளவில் சாயம் கசிந்தால் கண், மூக்கு எதுவும் தங்காது. என் அனுபவத்தில், அடையாளம் தெரிய வேண்டிய முகம் குறைந்தது மூன்று சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: முப்பத்து நாலு பேரும் நேரில் வந்து நிற்கிறோம், எங்களுக்குக் கேக்கில் முகம் எதற்கு? வர முடியாதவர் அவர் ஒருவர்தானே. குரூப் போட்டோவை வெறும் நிழலுருவாக, தலைகளும் தோள்களும் மட்டும் தெரிகிற ஒரே நிறப் பட்டையாக, அடியில் வைத்தேன். கல்லூரி முகப்பை வளைவும் தூண்களும் மட்டும் உள்ள எளிய வரைவாகப் பின்னால் வைத்தேன். நடுவில் அண்ணன் முகம், ஏழு சென்டிமீட்டர்.

இரண்டாவது, மூலப்படம். பாஸ்போர்ட் படத்தில் முகம் மூன்று சென்டிமீட்டர்தான். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு வைத்தால், ஏழு சென்டிமீட்டருக்குச் சுமார் 830 புள்ளி தேவை. 2019-ல் அதைக் கைபேசியில் படம் பிடித்திருந்தேன். பளபளப்புத் தாளில் டியூப்லைட் விழுந்து நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு வந்திருந்தது. இந்த முறை ஸ்கேனரில் வைத்து 1200 புள்ளிக்கு எடுத்தேன். சுமார் 1400 புள்ளி கிடைத்தது. தேவைக்கு மேல் இருந்தால் சுருக்கலாம். குறைவாக இருந்தால் இழுத்துப் பெரிதாக்கி ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது, ஒட்டுப்போடுவது. மூன்று படத்திலும் வெளிச்சம் வேறு வேறு. ஸ்டுடியோவில் அண்ணனுக்கு விளக்கு இடப்பக்கம். முகப்பில் வெயில் வலப்பக்கம். இரண்டையும் அப்படியே சேர்த்தால், எதனால் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஒட்டவைத்தது என்று பார்ப்பவர் மனசுக்குத் தெரிந்துவிடும். முகப்பை இடம் வலமாகத் திருப்பினால் கல்லூரிப் பெயர்ப் பலகையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் படிக்க வேண்டியதாகும். முகத்தைத் திருப்பவே கூடாது. வகிடு மாறினால் வீட்டாருக்கு உடனே அந்நியமாகத் தெரியும். அதனால் முகப்பில் இருந்த நிழல்களையே எடுத்துவிட்டேன். நிழல் இல்லாத படத்தில் வெயில் எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழாது.

நான்காவதுதான் முக்கியம், மாணவ மாணவியர் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தைத் தொடுவதற்கு முன்னால் முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிர் எதிராகத் தெரியும்; கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டும் ஒரே சாம்பலாக இருக்கலாம். 2019 கேக்கில் மர இலையின் மேல் சிவப்பு எழுத்தில் ஆண்டைப் போட்டிருந்தேன். ஒருவரும் படிக்கவில்லை.

கறுப்பு வெள்ளையாக்கிய பிறகு நான்கே படி வைத்துக்கொண்டேன்: வெற்றுத் தாள், வெளிர், நடுத்தரம், அடர்த்தி. நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற மென்பொருள். முதலில் படத்தை மிக லேசாக மங்கலாக்க வேண்டும், இல்லையென்றால் பழைய படத்தின் பொடிப்புள்ளி எல்லாம் கொப்பளம் மாதிரி எழும். பிறகு Posterize என்ற கட்டளையில் 4 என்று கொடுத்தால் படம் நான்கு படியாகப் பிரிந்துவிடும். எந்த இடம் எந்தப் படியில் விழ வேண்டும் என்பதை, அதற்கு முன்பே Levels என்ற கட்டளையில் நடு முக்கோணத்தை நகர்த்தித் தீர்மானிக்கிறோம்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். முகம் இருட்டாக இருக்கிறதே என்று படம் முழுவதையும் வெளுக்க வைக்கிறோம். நானும் முதலில் செய்து பார்த்தேன். திரையில் யாரோ ஒரு சிவந்த ஆள் உட்கார்ந்திருந்தார். எங்கள் அண்ணன் கறுப்பு. வெளுத்தால் அது அவர் இல்லை. தெளிவு வேண்டுமென்றால் முகத்தை வெளுக்கக் கூடாது, முகத்துக்குப் பக்கத்தில் இருப்பதை வெளுக்க வேண்டும். பின்னால் இருந்த வேப்பமரத்தை முழுதும் எடுத்து, முகத்தைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெறும் தாளை விட்டேன். முகப்பு வளைவு அதற்கு அப்பால் ஆரம்பிக்கிறது. முகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்து, நடு முக்கோணத்தைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினேன். முகத்தின் பெரும்பகுதி நடுத்தரப் படியில் நின்றது. நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்னத்தில் ஒரு பக்கம், இவை மட்டும் வெளிர்ப் படிக்கு ஏறின. முடி, புருவம், கண், மீசை அடர்த்தியில் நின்றன. தாள் வெள்ளை சட்டைக்கும் கண்ணின் வெள்ளைக்கும் பின்னணிக்கும் மட்டும். அவ்வளவுதான், நிறம் மாறாமலே முகம் எழுந்து வந்துவிட்டது.

மென்பொருள் பிரித்துக் கொடுத்ததை அப்படியே விடவும் கூடாது. மேல் இமைக்கும் புருவத்துக்கும் இடையில் இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும்; கசிந்தாலும் அது அடைபடாது. மீசைக்கும் மேலுதட்டுக்கும் அப்படியே. தனிக் கோடு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. இவற்றைக் கையால்தான் திருத்தினேன். ஒரு இரவு முழுக்க அவர் மீசையோடுதான் போராட்டம். "இவ்ளோ மீசை அவருக்கு இருந்துச்சா?" என்று மகள் கேட்டாள். அசல் படத்தைப் பக்கத்தில் வைத்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.

ஐந்தாவது, நிறம். நான்கு படிக்கு நான்கு நிறம். வெள்ளை தாளிலேயே இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் மாம்பழ மஞ்சள், செங்கல், கரும்பழுப்பு என்று எடுத்துக்கொண்டேன். செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு எண்கள்: மஞ்சள் #F0B040, செங்கல் #B5391F, கரும்பழுப்பு #2E140C. இந்த நாலையும் கறுப்பு வெள்ளையாக்கினால், வெள்ளை 255 என்றால் மஞ்சள் ஏறக்குறைய 182, செங்கல் 91, கரும்பழுப்பு 27. படிக்குப் படி நல்ல இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள்.

ஏன் நீலம் இல்லை என்று கேட்பீர்கள். பட்டர் கிரீமுக்கே ஒரு மஞ்சள் சாயல் உண்டு. ஈரம் ஏறியதும் தாள் சற்றுக் கண்ணாடி மாதிரி ஆகும், அடியிலுள்ள மஞ்சள் மேலே தெரியும். வெளிர் நீலம் பச்சையாகப் பார்வையாகும். மஞ்சளும் பழுப்பும் அந்த மாற்றத்தைத் தாங்கும். சாக்லேட் கிரீமின் மேல் நேராக ஒட்டினால் எந்த நிறமும் பிழைக்காது. இடையில் ஒரு வெள்ளை ஃபாண்டன்ட் தகடு வைத்துத்தான் ஆக வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து வேண்டாம், அது படிக்க வராது. எழுத்தைக் கரும்பழுப்பில், தடித்த எழுத்தாகப் போட்டேன்.

ஆறாவது, சோதனை. இதை 2019-ல் செய்யவே இல்லை. இப்போது ஒரு ஷீட்டை இதற்காகவே செலவு செய்கிறேன். அதில் பத்துக் கட்டங்கள், பத்து சதவீதக் கறுப்பில் தொடங்கி நூறு வரை. பக்கத்தில் அதே அளவில் முகம் மட்டும். பிரிண்டரில் "பக்கத்துக்குப் பொருத்து" என்று இருப்பதை எடுத்துவிட்டு, சரியாக நூறு சதவீத அளவில் அடிக்க வேண்டும். இல்லையென்றால் நாம் அளந்த மில்லிமீட்டர் எல்லாம் வீண். அடித்ததும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. கேக்கில் போடப் போகிற அதே கிரீமை ஒரு தட்டில் தடவி, அதன் மேல் ஒட்டி, மூன்று மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். என் பிரிண்டரில் எழுபதுக்கு மேல் உள்ள கட்டங்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை. எண்பதிலும் தொண்ணூறிலும் மறைந்திருந்த முகத்தை 2019-ல் நான் எங்கே தொலைத்தேன் என்று அந்தத் தட்டில்தான் கண்ணால் பார்த்தேன். பிறகு நாலடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் முகம் முகமாகத் தெரிந்தால் சரி.

ஒட்டுவதிலும் சிறு கவனம் வேண்டும. அடித்த ஷீட்டை அரை மணி நேரம் காயவிட்டுப் பின்தாளை உரிக்க வேண்டும். விட்டுவைத்தால், முக்கியமாக ஏசி அறையில், மொறுமொறுத்து உடையும். உடனே உரித்தால் கையோடு மை வரும். கேக்கில் ஒட்டிய பிறகு ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால், வெளிக்காற்றுப் பட்டதும் மேலே பனிபோல நீர் கோக்கும். அந்த நீரில் கறுப்பு பிரிந்து ஓரத்தில் ஊதாவாக வடியும். அதனால் நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் ஒட்டி, வெளியிலேயே வைக்கிறேன்.

மாணவர் ஒருவர் காலையில் கேட்டார், "மேடம், வீட்டுல சும்மா இருக்குற பழைய பிரிண்டர்ல இந்த மையை ஊத்தி அடிக்கலாமா?" கூடாது தம்பி. ஒரு தடவை சாதாரண மை ஓடிய பிரிண்டரின் தலையிலும் குழாயிலும் அது தங்கியிருக்கும். புதிய பிரிண்டரை முதல் நாளிலிருந்தே இதற்கென்று ஒதுக்க வேண்டும். மை வாங்கும்போது அட்டையில் என்ன சாயம் என்று படியுங்கள். நம் நாட்டில் உணவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் சிலதான், அதுவும் குறிப்பிட்ட உணவுகளில், குறிப்பிட்ட அளவுக்குள். வேதியியல் படித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. கேக் என்றால் வெட்ட வேண்டும். அந்த அம்மா கண் முன்னால் அவர் முகத்தில் கத்தி வைப்பதா? இதை 2019-ல் நான் யோசிக்கவே இல்லை. இந்த முறை முகத்தையும் அதைச் சுற்றியுள்ள வெள்ளையையும் தனியாக வட்டமாக அடித்து, இரண்டு நாள் காயவைத்த ஒரு வெள்ளை ஃபாண்டன்ட் தகட்டில் ஒட்டினேன். மற்ற படம் கேக்கில். தகட்டை அதன் நடுவில் வைத்தேன். காய்ந்த தகட்டில் ஈரம் குறைவு, அதனால் அந்த முகம்தான் படத்திலேயே கூர்மையாக வந்தது.

கேக்கைத் திறந்ததும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா குனிந்து பார்த்தார்கள். "மீசையை மட்டும் கொஞ்சம் பெருசா போட்டுட்டேம்மா" என்றார்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெட்டுவதற்கு முன்னால் தகட்டை எடுத்து ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து அவர்களிடம் கொடுத்தேன். "வெயில் படாம வைங்கம்மா, சாயம் வெளுத்துடும்" என்று சொன்னேன். பீரோவில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால், அது சர்க்கரை, நிரந்தரம் அல்ல. ஆனால் ஸ்கேன் செய்த படம் என்னிடம் இருக்கிறது. நம் துறை ஆய்வகத்தில் மாட்டுவதற்கு அதைச் சாதாரண மையில், சாதாரணத் தாளில் அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். துறைத் தலைவர் அவர்கள் அன்புகூர்ந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.